பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டினால்

பகா எண்களை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றின் தலைகீழியையும் கூட்டிக்கொண்டே போவோம். 1/2, அதோடு 1/3, அதோடு 1/5. மூன்றே எண்களில் கூட்டுத்தொகை 31/30 ஆகி, 1-ஐத் தாண்டிவிடுகிறது. அடுத்து 2-ஐ எப்போது தாண்டும்? 277 என்ற பகா எண் வரை போக வேண்டும். அதற்குள் 59 பகா எண்களைக் கூட்டி முடித்திருப்போம். 3-ஐத் தாண்ட 51,95,977 வரை போக வேண்டும். கூட்டவேண்டிய எண்கள் 3,61,139. 4-ஐத் தாண்டும் இடத்தில் நிற்கும் பகா எண் 1801241230056600523. பத்தொன்பது இலக்கங்கள்.

இந்த நான்கு விவரங்களையும் பார்க்கும் யாருக்கும் ஒரே எண்ணம்தான் வரும்: கூட்டுத்தொகை களைத்துவிட்டது, 4-ஐ ஒட்டியோ 5-ஐ ஒட்டியோ நின்றுவிடும். ஆனால் நிற்பதில்லை. 5-ஐயும் தாண்டும், 100-ஐயும் தாண்டும், எந்த எண்ணைச் சொன்னாலும் அதையும் ஒருநாள் தாண்டும். கணிதத்தில் இப்படிப்பட்ட தொடரை விரியும் தொடர் என்கிறோம். எந்தக் கணினியும் எட்டிப்பார்க்க முடியாத தொலைவில் நடப்பதை இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்ல முடிகிறது? 1737-இல் லியோன்ஹார்ட் ஆய்லர் கண்ட வழி அதற்குப் பதில். பள்ளியில் படித்த பெருக்குத் தொடரும், எந்த எண்ணையும் பகா எண்களாக உடைக்கலாம் என்ற உண்மையும் தெரிந்தால் போதும். முழு நிரூபணத்தையும் ஒரு மாலைப்பொழுதில் தாளில் எழுதிப் பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு தவறான வழியை அடைத்துவிடுவோம். பகா எண்கள் முடிவில்லாதவை என்று யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகவே காட்டிவிட்டார். முடிவில்லாமல் கூட்டினால் முடிவில்லாத தொகைதானே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1, 4, 9, 16 என்று வர்க்க எண்களும் முடிவில்லாதவைதாம். ஆனால் 1 + 1/4 + 1/9 + 1/16 + … என்று எவ்வளவு கூட்டினாலும் தொகை 1.645-ஐ எட்டாது. அது நெருங்கும் எல்லை π²/6, அதாவது ஏறத்தாழ 1.6449. இதைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவரும் அதே ஆய்லர்தான், இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னால். ஆகவே தலைகீழிகளின் தொகை, எண்கள் தீர்ந்துபோகுமா என்பதை மட்டும் சொல்வதில்லை. அவை எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்பதையும் சொல்கிறது. பத்து லட்சத்துக்குள் வர்க்க எண்கள் 1,000 மட்டுமே. பகா எண்கள் 78,498. பகா எண்களின் தொகை விரிகிறது என்றால், வர்க்க எண்களைப் போல அவை சீக்கிரம் அருகிவிடுவதில்லை என்று பொருள். யூக்ளிட் சொன்னதைவிட இது கனமான செய்தி.

இனி நிரூபணத்துக்கு வருவோம். அதற்கு இரண்டு பழைய தொடர்கள் தேவை.

ஒன்று, இசைத் தொடர்: 1 + 1/2 + 1/3 + 1/4 + 1/5 + … எல்லா இயல் எண்களின் தலைகீழிகளும் இதில் உண்டு. இது விரிகிறது என்பதை 14-ஆம் நூற்றாண்டில் பிரான்சைச் சேர்ந்த நிக்கோல் ஒரேம் காட்டினார். அவர் செய்தது உறுப்புகளைக் கொத்துக் கொத்தாகப் பிரித்தது மட்டும்தான். 1/3-உம் 1/4-உம் சேர்ந்தால் குறைந்தது 1/4 + 1/4, அதாவது அரை. 1/5 முதல் 1/8 வரை நான்கு உறுப்புகள். ஒவ்வொன்றும் குறைந்தது 1/8. சேர்ந்தால் குறைந்தது அரை. அடுத்த எட்டு உறுப்புகளும் குறைந்தது அரை தரும், அடுத்த பதினாறும் அப்படியே. அரை அரையாக முடிவில்லாமல் சேர்ந்துகொண்டே இருப்பதால் தொகைக்கு எல்லை இல்லை.

மற்றொன்று, பெருக்குத் தொடர். 1 + 1/2 + 1/4 + 1/8 + … என்பதன் தொகை 2. 1 + 1/3 + 1/9 + 1/27 + … என்பதன் தொகை 3/2. பொதுவாக p என்ற பகா எண்ணை எடுத்து 1 + 1/p + 1/p² + 1/p³ + … என்று எழுதினால் தொகை p/(p−1). எனவே 5-க்கு 5/4, 7-க்கு 7/6. இவை ஒவ்வொன்றும் குவியும் தொடர். எந்தத் தயக்கமும் இல்லாமல் கையாளலாம்.

ஆய்லர் இந்தப் பெருக்குத் தொடர்களை ஒன்றோடொன்று பெருக்கினார். அதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. 2, 3, 5, 7 ஆகிய நான்கு பகா எண்களோடு மட்டும் செய்து பார்ப்போம்.

(1 + 1/2 + 1/4 + 1/8 + …)
(1 + 1/3 + 1/9 + 1/27 + …)
(1 + 1/5 + 1/25 + …)
(1 + 1/7 + 1/49 + …)

அடைப்புக்குறிகளை விரித்துப் பெருக்குவது என்றால் என்ன? ஒவ்வொரு வரியிலிருந்தும் ஓர் உறுப்பைத் தேர்ந்தெடுத்து, நான்கையும் பெருக்கி, இப்படிப்பட்ட எல்லாத் தேர்வுகளையும் கூட்டுவது. முதல் வரியில் 1/4, இரண்டாம் வரியில் 1/3, மூன்றாம் வரியில் 1/5, நான்காம் வரியில் 1 என்று எடுத்தால் கிடைப்பது 1/60. முதல் வரியில் 1/2, நான்காம் வரியில் 1/7, மற்ற இரண்டிலும் 1 என்று எடுத்தால் 1/14. எல்லா வரிகளிலும் 1 எடுத்தால் 1.

இப்போது தலைகீழாகக் கேட்போம். 1/10 எங்கிருந்தாவது கிடைக்குமா? 10 = 2 × 5. ஆக, முதல் வரியில் 1/2, மூன்றாம் வரியில் 1/5, மற்றவற்றில் 1. கிடைத்துவிட்டது. 1/9? இரண்டாம் வரியில் 1/9, மற்றவற்றில் 1. 1 முதல் 10 வரை எந்த எண்ணை எடுத்தாலும் அதன் பகாக் காரணிகள் 2, 3, 5, 7-க்குள்தான் இருக்கும். எனவே 1, 1/2, 1/3, …, 1/10 ஆகிய பத்தும் அந்தப் பெருக்கலின் விரிவில் கட்டாயம் இருக்கின்றன. 1/11 இல்லை, 11-ஐ இந்த நான்கு பகா எண்களால் கட்ட முடியாது. ஆனால் 1/12, 1/14, 1/15, 1/16 எல்லாம் உபரியாக உள்ளே இருக்கின்றன.

உபரி இருப்பதால் பெருக்கல் பலன் பெரிதாக இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெருக்கல் பலன் 2 × 3/2 × 5/4 × 7/6 = 35/8, அதாவது 4.375. இசைத் தொடரில் 1/10 வரை கூட்டினால் ஏறத்தாழ 2.929. சரியாக இருக்கிறது.

பத்துக்குச் சொன்னதையே எந்த N-க்கும் சொல்லலாம். N வரையுள்ள பகா எண்களின் பெருக்குத் தொடர்களை எல்லாம் பெருக்கினால், N வரையுள்ள எல்லா எண்களின் தலைகீழிகளும் அந்த விரிவில் வந்துவிடும். ஆகவே

2 × 3/2 × 5/4 × 7/6 × … (N வரையுள்ள பகா எண்களுக்கு) > 1 + 1/2 + 1/3 + … + 1/N

இந்த ஒரு வரிதான் நிரூபணத்தின் முதுகெலும்பு. எந்த எண்ணையும் பகா எண்களாக ஒரே ஒரு வழியில்தான் உடைக்க முடியும் என்பது எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம். வியப்பு என்னவென்றால், மேலே உள்ள சமனின்மைக்கு அந்த 'ஒரே ஒரு வழி' கூடத் தேவையில்லை. ஏதோ ஒரு வழியில் உடைக்க முடிந்தாலே 1/n விரிவில் ஒருமுறையாவது வந்துவிடும். நமக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒரு தலைகீழி ஒருமுறைக்கு மேல் வராது, பெருக்கல் பலனும் அந்தத் தொகையும் துல்லியமாகச் சமம் என்று சொல்ல வேண்டுமானால்தான் 'ஒரே வழி' உதவிக்கு வர வேண்டும்.

N-க்குள் நின்றுகொண்டு பேசுவதற்கும் காரணம் உண்டு. ஆய்லர் எல்லாப் பகா எண்களையும் ஒரே மூச்சில் பெருக்கி, முடிவிலியை ஓர் எண்ணைப் போலவே கையாண்டு எழுதினார். இரு பக்கமும் முடிவிலியாக நிற்கும்போது 'சமம்' என்ற சொல்லுக்குத் தெளிவான பொருள் இல்லை. அவருடைய உள்ளுணர்வு தவறவில்லை, ஆனால் நாம் அதே வாதத்தை எழுதும்போது N என்ற வேலியைப் போட்டுக்கொள்வதே முறை. முடிவுள்ள எண்ணிக்கையிலான, நேர்ம உறுப்புகள் மட்டுமே கொண்ட குவியும் தொடர்களை விரித்துப் பெருக்கி, எந்த வரிசையிலும் கூட்டலாம். விடை மாறாது.

மேலே உள்ள சமனின்மையிலிருந்து யூக்ளிடின் முடிவு உடனே கிடைக்கிறது. பகா எண்கள் முடிவுள்ளவை என்றால், இடப்பக்கம் சில பின்னங்களின் பெருக்கல் மட்டுமே. ஒரு குறிப்பிட்ட எண்ணில் நின்றுவிடும். வலப்பக்கமோ எல்லையில்லாமல் வளர்கிறது. முரண்பாடு. ஆனால் நமக்கு வேண்டியது அதைவிடப் பெரிது. நம் கையில் இருப்பது பெருக்கல். கேள்வி கேட்கப்பட்டிருப்பது கூட்டலைப் பற்றி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாலம் கட்ட வேண்டும்.

வழக்கமான பாலம் மடக்கை. ஆய்லரும் அதைத்தான் பயன்படுத்தினார். பாடநூல்களும் அப்படியே செய்கின்றன. மடக்கையின் தொடர் விரிவு தெரியாதவரும் கடக்கக்கூடிய எளிய பாலம் ஒன்று உண்டு. எனக்கு அதுவே பிடிக்கும். p/(p−1) என்ற பின்னத்தை p முறை தன்னோடு தானே பெருக்கிப் பாருங்கள். p = 2 என்றால் 2-இன் வர்க்கம், 4. p = 3 என்றால் 3/2-இன் கனம், 3.375. p = 5 என்றால் 5/4-இன் ஐந்தாம் அடுக்கு, ஏறத்தாழ 3.05. p = 7 என்றால் 2.94. இறங்கிக்கொண்டே போகிறது, 2.718 என்று தொடங்கும் e என்ற எண்ணை நோக்கி இறங்குகிறது, ஒருபோதும் ஏறுவதில்லை.

ஏறாது என்பதற்கு ஆதாரம், கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரியைவிடக் குறையாது என்ற பழைய விதி. (p−1)/p என்ற எண்ணை p முறை எழுதி, அதோடு ஒரு 1-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் p+1 எண்கள்; அவற்றின் தொகை (p−1) + 1 = p; எனவே கூட்டுச் சராசரி p/(p+1). இதன் (p+1)-ஆம் அடுக்கு, அந்த எண்களின் பெருக்கல் பலனைவிடக் குறையாது. அந்தப் பெருக்கல் பலன் என்பது (p−1)/p-இன் p-ஆம் அடுக்குதான். அதாவது p ஒன்று கூடும்போது இந்த அடுக்கின் மதிப்பு குறைவதில்லை. அப்படியானால் அதன் தலைகீழி, நாம் பார்த்த 4, 3.375 என்ற வரிசை, கூடுவதில்லை.

ஆகவே எந்தப் பகா எண்ணுக்கும் p/(p−1)-இன் p-ஆம் அடுக்கு 4-ஐத் தாண்டாது. இதையே திருப்பிச் சொன்னால், p/(p−1) என்பது 4-இன் 1/p-ஆம் அடுக்கைத் தாண்டாது. இப்போது எல்லாவற்றையும் பெருக்குவோம். ஒரே எண்ணின் அடுக்குகளைப் பெருக்கும்போது அடுக்குக்குறிகள் கூடும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். ஆகவே

2 × 3/2 × 5/4 × 7/6 ≤ 4^(1/2) × 4^(1/3) × 4^(1/5) × 4^(1/7) = 4^(1/2 + 1/3 + 1/5 + 1/7)

நாம் தேடிய கூட்டுத்தொகை அடுக்குக்குறியில் வந்து உட்கார்ந்துவிட்டது. எண்களை வைத்துச் சரிபார்ப்போம். 1/2 + 1/3 + 1/5 + 1/7 = 1.176. 4-இன் 1.176-ஆம் அடுக்கு ஏறத்தாழ 5.11. இசைத் தொடரின் 2.93, பெருக்கல் பலனின் 4.375, இந்த 5.11 மூன்றும் சரியான ஏறுவரிசையில் நிற்கின்றன. 11-ஐயும் 13-ஐயும் சேர்த்து நீங்களே செய்து பார்க்கலாம். அடுத்த பகா எண் 17 என்பதால் இப்போது 16 வரையுள்ள எல்லா எண்களும் விரிவுக்குள் அடங்கும். 3.38, 5.21, 6.44 என்ற மூன்று எண்கள் கிடைக்க வேண்டும். ஏறுவரிசை எங்காவது குலைந்தால் கணக்கில் பிழை என்று பொருள்.

இனி மிச்சம் ஒரு படிதான். N வரையுள்ள பகா எண்களின் தலைகீழிகளின் தொகையை S என்போம். இதுவரை கண்டதைச் சேர்த்தால், 4-இன் S-ஆம் அடுக்கு, N வரையுள்ள இசைத் தொடரின் தொகையைவிடப் பெரிது. S ஒருபோதும் 3-ஐத் தாண்டாது என்று யாரேனும் வாதிட்டால், இசைத் தொடரும் 4 × 4 × 4 = 64-ஐத் தாண்டாது என்றாகிவிடும். ஆனால் ஒரேமின் அரைகளை எண்ணினால், 2-இன் 126-ஆம் அடுக்கு வரை போகும்போது இசைத் தொடர் 64-ஐத் தாண்டிவிடுகிறது. எனவே S-உம் அதற்குள் 3-ஐத் தாண்டியே ஆக வேண்டும். 3-க்குப் பதில் 10 என்றால் 64-க்குப் பதில் 4-இன் பத்தாம் அடுக்கு, 10,48,576. அதையும் இசைத் தொடர் தாண்டும். எந்த எல்லையைச் சொன்னாலும் இதே கதி. பகா எண்களின் தலைகீழிகளின் தொகை விரிகிறது. நிரூபணம் முடிந்தது.

இந்த வாதம் தரும் உத்தரவாதம் தாராளமானது என்பதைக் கவனிக்க வேண்டும். 2-இன் 126-ஆம் அடுக்கு 38 இலக்க எண். உண்மையில் 3-ஐத் தாண்டுவதற்கு ஏழு இலக்க எண்ணே போதும் என்று தொடக்கத்தில் பார்த்தோம். 4 என்ற எண் 2-க்கு மட்டும்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது; மற்ற பகா எண்களுக்கு நாம் தேவைக்கு மேல் விட்டுக்கொடுத்தோம். ஒரேமின் கொத்துகளிலும் விட்டுக்கொடுத்தோம். விரிகிறதா இல்லையா என்று மட்டும் கேட்டால் அதனால் நட்டமில்லை. எவ்வளவு வேகத்தில் விரிகிறது என்று கேட்டால் மடக்கைக்குத்தான் போக வேண்டும்.

ஆய்லர் அதையும் சொன்னார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்துக்கு 1737-இல் அளித்து 1744-இல் அச்சான கட்டுரையில், பகா எண்களின் தொகை இசைத் தொடரின் மடக்கையைப் போல வளர்கிறது என்று எழுதினார். இசைத் தொடரே N-இன் மடக்கையைப் போலத்தான் வளர்கிறது. ஆக, பகா எண்களின் தொகை மடக்கையின் மடக்கை. 1874-இல் ஃபிரான்ஸ் மெர்டென்ஸ் இதைத் துல்லியமாக்கினார்: N-இன் இயல் மடக்கையை எடுத்து, அதற்கு மறுபடி இயல் மடக்கை எடுத்து, 0.2615-ஐக் கூட்டினால் கிடைப்பது ஏறத்தாழ நம் தொகை. N பெரிதாகப் பெரிதாக வித்தியாசம் பூஜ்ஜியத்தை நோக்கிப் போகும். பத்து லட்சத்துக்கு இந்தச் சூத்திரம் தருவது 2.887. உண்மையான கூட்டலும் மூன்று தசம இடங்களுக்கு அதே 2.887.

மடக்கையின் மடக்கை எவ்வளவு மெதுவானது என்பதற்கு ஒரு கணக்கு: N-ஐ அதன் வர்க்கமாக்கினால் தொகை 0.69 மட்டுமே கூடும். பத்து லட்சத்திலிருந்து லட்சம் கோடிக்குப் போனால் 2.887 வெறும் 3.58 ஆகிறது. 5-ஐத் தாண்டும் பகா எண்ணுக்கு 50 இலக்கங்கள் இருக்கும்.

இதனால்தான் கணினியை நம்பி இந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கூடாது. நிரல் எழுதத் தெரிந்த மாணவர் ஒருவர் 32 பிட் தசம எண்களை வைத்துப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டினால், தொகை 3-ஐ ஒட்டி வந்ததும் அசையாமல் நின்றுவிடும். 2-க்கும் 4-க்கும் நடுவே உள்ள எண்களை அந்த வடிவில் சேமிக்கும்போது, 2-இன் 23-ஆம் அடுக்கின் தலைகீழியைவிடச் சிறிய எதைக் கூட்டினாலும் அது தோராயமாக்கலில் தொலைந்துபோகும். 2-இன் 23-ஆம் அடுக்கு 83,88,608. அதற்கு மேற்பட்ட எந்தப் பகா எண்ணும் தொகையைத் தொடவே தொடாது. திரையில் தெரிவது குவியும் தொடர். உண்மையில் நின்றது கணினியின் துல்லியம். 64 பிட்டுக்கு மாறினால் நிற்கும் இடம் வெகுதூரம் தள்ளிப்போகும், ஆனால் ஒழியாது. வடிவத்தை மாற்றும்போது 'எல்லை'யும் மாறினால் அது தொடரின் எல்லை அல்ல என்று அறிந்துகொள்ளலாம்.

இந்தத் தொகைக்கு இன்னொரு முகம் உண்டு. அதில் நம் ஊர்க்காரர் ஒருவரின் பெயர் இருக்கிறது. 1 முதல் N வரையுள்ள எண்களில் இரண்டில் ஒன்று 2-ஆல் வகுபடும், மூன்றில் ஒன்று 3-ஆல், ஐந்தில் ஒன்று 5-ஆல். ஆகவே ஓர் எண்ணுக்குச் சராசரியாக எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் என்று கேட்டால், விடை ஏறத்தாழ 1/2 + 1/3 + 1/5 + …, நம் தொகையேதான். பத்து வரை எண்ணிப் பாருங்கள். 6-க்கும் 10-க்கும் இரண்டிரண்டு, 1-க்கு ஒன்றுமில்லை, மற்றவற்றுக்கு ஒவ்வொன்று. மொத்தம் 11, சராசரி 1.1. நம் தொகை 1.176. N வளரும்போது இந்த இடைவெளி அழிந்துபோகும். பகா எண்களின் தொகை விரிகிறது என்பதன் பொருள், எண்கள் பெரிதாகும்போது பகாக் காரணிகளின் சராசரி எண்ணிக்கையும் எல்லையில்லாமல் கூடுகிறது என்பதே. ஆனால் எவ்வளவு மெதுவாக! பத்தொன்பது இலக்க எண்கள் வரை போனாலும் சராசரி நான்கை ஒட்டித்தான் இருக்கிறது. 1917-இல் கேம்பிரிட்ஜில் ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இது வெறும் சராசரி அல்ல, ஏறக்குறைய எல்லா எண்களுமே அந்தச் சராசரியை ஒட்டியே காரணிகளைக் கொண்டிருக்கின்றன என்று நிறுவினார்கள். ஒரு சில எண்களுக்கு ஏராளமான காரணிகளும் மற்றவற்றுக்கு ஒன்றிரண்டுமாக இருந்து சராசரி அமையவில்லை என்பது அதன் பொருள்.

ஆய்லரின் வழி எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 3-உம் 5-உம், 11-உம் 13-உம், 17-உம் 19-உம் போல இரண்டு வித்தியாசத்தில் நிற்கும் ஜோடிகளை இரட்டைப் பகா எண்கள் என்கிறோம். இவற்றின் தலைகீழிகளை மட்டும் கூட்டினால் விரியுமா? விரிந்தால், அப்படிப்பட்ட ஜோடிகள் முடிவில்லாதவை என்று அக்கணமே நிறுவியதாகிவிடும். நார்வேயைச் சேர்ந்த விக்கோ புரூன் 1919-இல் தந்த விடை, விரியாது என்பது. (1/3 + 1/5) + (1/5 + 1/7) + (1/11 + 1/13) + … என்ற தொகை குவிகிறது. அதன் மதிப்பு 1.902-ஐ ஒட்டியது என்பது மதிப்பீடு. இரட்டைப் பகா எண்களின் பெருக்குத் தொடர்களைப் பெருக்கினாலும் எல்லா இயல் எண்களும் கிடைத்துவிடாது. இசைத் தொடர் போன்ற வலிமையான துணை அங்கே இல்லை. ஆய்லரின் வாதத்துக்கு உயிர் கொடுத்தது அந்தத் துணைதான்.

இந்தத் தொகையைக் கணக்கிட முயன்றதில் ஒரு பக்க விளைவும் உண்டு. 1994-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கணினியில் கூட்டிக்கொண்டிருந்தபோது விடைகள் பொருந்தவில்லை. 824633702441 என்ற எண்ணின் தலைகீழியே தவறாக வருவதை அவர் கண்டுபிடித்தார். பிழை நிரலில் இல்லை, இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சில்லின் வகுத்தல் பகுதியில் இருந்தது. சில்லுகளை மாற்றித்தர அந்த நிறுவனம் 47.5 கோடி டாலரை ஒதுக்க வேண்டிவந்தது.

தொகை குவிகிறது என்று புரூன் காட்டியது, இரட்டைப் பகா எண்கள் முடிவுள்ளவை என்பதற்கு ஆதாரம் ஆகாது; வர்க்க எண்களின் தொகையும் குவிகிறதல்லவா. அவை முடிவில்லாதவை என்பதற்கும் ஆதாரம் இல்லை. இரண்டில் எது உண்மை என்று இன்றுவரை யாரும் நிறுவவில்லை.